விடை ஒட்டாத முக்கோணவியல் சமன்பாடுகள்: எந்த அறிகுறிக்கு எந்தப் பிழை

இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் அனுப்பிய பயிற்சித்தாள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த தாள், அதை மேசை விளக்கின் நிழலில் சாய்வாக வைத்து எடுத்த படம். முக்கோணவியல் சமன்பாடுகள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் பொதுத் தீர்வும், தரப்பட்ட இடைவெளிக்குள் அடங்கும் தீர்வுகளும் வேண்டும். தாளின் பின்பக்கத்தில் விடைகள் இருந்தன. கூடவே ஒரு வரி: "சார், ஒரு கணக்கில்கூட என் விடை முழுதாக ஒட்டவில்லை. எல்லாமே தவறா?"

எல்லாமே தவறில்லை. ஆறில் ஆறு விதமாகத் தடுக்கியிருந்தான், அவ்வளவுதான். இந்தப் பாடத்தில் ஒரு வசதி உண்டு. விடை எப்படி ஒட்டவில்லை என்பதைப் பார்த்தாலே எந்தப் படியில் கால் இடறியது என்று சொல்லிவிடலாம். விடை கூடுதலாக வந்தால் ஒரு காரணம், குறைவாக வந்தால் வேறு காரணம், எண்ணிக்கை சரியாக இருந்து மதிப்புகள் அசிங்கமாக வந்தால் இன்னொன்று. அந்தத் தாளை வைத்தே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். கீழே n என்று வரும் இடமெல்லாம் அது ஒரு முழு எண். இதைத் தேர்வுத்தாளிலும் எழுத வேண்டும், எழுதாவிட்டால் மதிப்பெண் போகலாம்.

அறிகுறி: பாதி விடை ஒட்டுகிறது, மீதி கோண அட்டவணையிலேயே இல்லாத மதிப்பு

முதல் கணக்கை மாணவன் 2 sin 2x = sin x என்று படித்திருந்தான். இடைவெளி 0 ≤ x < 2π. அவன் செய்த வேலையில் குறையே இல்லை. sin 2x-ஐ 2 sin x cos x என்று விரித்து, sin x (4 cos x − 1) = 0 என்று காரணிப்படுத்தியிருந்தான். sin x = 0 என்பதிலிருந்து 0, π என்ற இரண்டும் வந்தன. அவை பின்பக்க விடையிலும் இருந்தன. cos x = 1/4 என்பதிலிருந்து சுமார் 75.5°, 284.5° வந்தன. பின்பக்கத்தில் இருந்தவையோ π/6, 5π/6.

பாதி ஒட்டியதுதான் அவனை ஏமாற்றியது. முழுதும் ஒட்டாமல் போயிருந்தால் கேள்வியையே சந்தேகித்திருப்பான். பாதி சரியாக வந்ததால், தன் கணக்கில்தான் எங்கோ தவறு என்று அரை மணி நேரம் தேடியிருக்கிறான்.

தாளில் இருந்தது 2 sin²x = sin x. மேலே சின்னதாக நிற்க வேண்டிய 2, இரண்டு முறை ஜெராக்ஸ் ஆனதில் தடித்து, படத்தின் சாய்வில் கீழே இறங்கி, x-க்கு முன்னால் நிற்பது போல ஆகிவிட்டது. சரியான கேள்விக்கு sin x (2 sin x − 1) = 0. அப்போது sin x = 0 அல்லது sin x = 1/2. பொதுத் தீர்வு x = nπ, மற்றும் x = nπ + (−1)ⁿ π/6. இடைவெளிக்குள் 0, π/6, 5π/6, π என்ற நான்கு.

படத்தில் இதை எப்படிப் பிரித்தறிவது? படத்தைப் பெரிதாக்கி, அதே வரியில் சந்தேகமில்லாத இன்னொரு 2-ஐத் தேடுங்கள். இங்கே sin-க்கு முன்னால் ஒரு கெழு 2 இருக்கிறது. இரண்டும் ஒரே உயரம் என்றால் அது 2x. சந்தேகத்துக்குரிய 2 சிறியதாக இருந்தால், சற்றுக் கீழே இறங்கியிருந்தாலும், அது வர்க்கம். கையெழுத்துத் தாள் என்றால் இடைவெளியைப் பார்க்க வேண்டும். வர்க்கம் எழுதுகிறவர் 2-ஐ sin-ஓடு ஒட்டி எழுதுவார், இருமடங்கு கோணம் எழுதுகிறவர் x-ஓடு ஒட்டி எழுதுவார்.

பார்த்தும் தெளியவில்லை என்றால் இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். கணிப்பான் இல்லாத தேர்வுக்குத் தயாரித்த தாளில் விடை பெரும்பாலும் 30°, 45°, 60° குடும்பத்தில்தான் வரும். 75.5° வந்தால் கேள்வியைத் தவறாகப் படித்திருக்க வாய்ப்பு அதிகம். இது ஊகம்தான், நிரூபணம் இல்லை. கணிப்பானை அனுமதிக்கும் பாடத்திட்டங்களில் cos x = 1/4 என்பது சாதாரணமான கேள்வி. அங்கே இந்தச் சோதனை உதவாது.

இதே போலப் படத்தில் ஏமாற்றுகிறவை இன்னும் சில உண்டு. θ-வின் நடுக்கோடு மங்கினால் அது 0 ஆகிவிடும். கழித்தல் குறி தாளின் மடிப்பில் காணாமல் போகும். ≤ குறியின் அடிக்கோடு அழிந்து < ஆகும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இந்த முதல் கணக்கிலேயே இடைவெளி 0 ≤ x ≤ 2π என்றிருந்தால் 2π-யும் ஒரு தீர்வு, மொத்தம் ஐந்து. ஒரு கோடு அழிந்தால் ஒரு விடை போகும்.

அறிகுறி: எழுதிய விடைகளில் ஒன்று சரி, ஒன்று தவறு, சில காணவில்லை

இரண்டாவது கணக்கு sin 2x = √3/2, அதே இடைவெளி. மாணவனின் விடை π/6, 5π/6. பின்பக்கத்தில் π/6, π/3, 7π/6, 4π/3.

அவன் எழுதிய பொதுத் தீர்வு x = nπ + (−1)ⁿ π/6. இது எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகத் தெரிகிறது. 2x = nπ + (−1)ⁿ π/3 என்று சரியாக எழுதிவிட்டு, இரண்டால் வகுக்கும்போது π/3-ஐ மட்டும் வகுத்திருக்கிறான். nπ வகுபடாமல் தப்பிவிட்டது. சரியான பொதுத் தீர்வு x = nπ/2 + (−1)ⁿ π/6. nπ என்பது கோணத்தோடு ஒட்டவைத்த அலங்காரம் என்று நினைப்பவர்கள்தான் இந்தத் தவறைச் செய்கிறார்கள். அதுவும் கோணத்தின் பகுதிதான். 2x-இல் ஒரு முழுச்சுற்று என்பது x-இல் அரைச்சுற்று.

தவறா இல்லையா என்று சோதிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. 5π/6-ஐ மூலச் சமன்பாட்டில் போடுங்கள். sin (5π/3) = −√3/2. ஒட்டவில்லை.

பொதுத் தீர்வு சரியாக இருந்தும் இதே கணக்கில் பாதி விடையைத் தவறவிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் 2x = π/3, 2π/3 என்று இரண்டு மதிப்பை எடுத்து, பாதியாக்கி π/6, π/3 என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். எழுதியவை சரி, ஆனால் பாதிதான். x என்பது 0 முதல் 2π வரை போகிறது என்றால் 2x என்பது 0 முதல் 4π வரை போகிறது. ஆகவே முதலில் இடைவெளியை அகலப்படுத்த வேண்டும்: 0 ≤ 2x < 4π. அதற்குள் 2x-இன் மதிப்புகள் π/3, 2π/3, 7π/3, 8π/3. இப்போது பாதியாக்கினால் நான்கும் வந்துவிடும். நான் பிள்ளைகளுக்கு வற்புறுத்துவது ஒன்றுதான். x-ஐத் தனியே பிரிப்பதற்கு முன்பே இடைவெளியை மாற்றி எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று வைத்தால் மறந்துவிடும்.

எண்ணிக்கையைச் சரிபார்க்க ஒரு கைவிதி உண்டு. sin kx = c என்ற வடிவத்தில், k ஒரு மிகை முழு எண்ணாகவும் c என்பது −1-க்கும் 1-க்கும் இடையிலும் இருந்தால், 0 ≤ x < 2π என்ற ஒரு முழுச்சுற்றில் 2k தீர்வுகள் இருக்கும். cos-க்கும் அப்படியே. c சரியாக 1 அல்லது −1 ஆனால் k மட்டும். இங்கே k = 2, ஆகவே நான்கு. இரண்டோடு நின்றிருந்தால் பாதி காணவில்லை என்று உடனே தெரியும்.

அறிகுறி: கணிப்பான் பிழை என்று காட்டுகிறது

மூன்றாவது கணக்கு 2 sin²x − 5 sin x + 2 = 0. காரணிகள் (2 sin x − 1)(sin x − 2). sin x = 2 என்பதற்கு மாணவன் கணிப்பானைத் தட்டியிருக்கிறான், அது பிழை காட்டியிருக்கிறது. கணிப்பான் சொன்னது சரி. sin எப்போதும் −1 முதல் 1 வரைதான். அந்தக் காரணிக்குத் தீர்வே இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு sin x = 1/2-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் π/6, 5π/6. அந்த ஒரு வரியை எழுதாமல் விடுவதும் தவறுதான். காரணத்தைச் சொல்லாமல் ஒரு காரணியை விட்டுவிட்டால் திருத்துகிறவருக்கு அது மறதி போலத்தான் தெரியும்.

அறிகுறி: ஒரு விடை கூடுதல், அல்லது ஒரு விடை குறைவு, வழியைப் பொறுத்து மாறுகிறது

நான்காவது கணக்குதான் இந்தத் தாளிலேயே நல்ல கணக்கு: √3 sin x − cos x = 1, இடைவெளி 0 ≤ x < 2π. பின்பக்க விடை π/3, π. மாணவன் இதை மூன்று வழியில் போட்டிருந்தான், ஒன்றில்கூட அந்த விடை வரவில்லை. அவன் தாளில் மூன்று பத்தியும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன, மூன்றாவதன் பக்கத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி. ஒவ்வொன்றையும் அவன் எழுதியபடியே பார்க்கலாம்.

முதல் வழியில் cos x-ஐ வலப்பக்கம் கொண்டுபோய் √3 sin x = 1 + cos x என்று எழுதி இருபுறமும் வர்க்கப்படுத்தியிருந்தான். 3 sin²x = (1 + cos x)². இடப்பக்கத்தில் sin²x-ஐ (1 − cos x)(1 + cos x) என்று எழுதி எல்லாவற்றையும் ஒருபக்கம் கொண்டுவந்தால் (1 + cos x)(2 − 4 cos x) = 0. ஆகவே cos x = −1 அல்லது cos x = 1/2. விடைகள் π, π/3, 5π/3. ஒன்று கூடுதல்.

கூடுதலாக வந்தது 5π/3. அதை மூலச் சமன்பாட்டில் போட்டால் √3 × (−√3/2) − 1/2 = −3/2 − 1/2 = −2. வேண்டியது 1. எங்கிருந்து வந்தது இந்த விருந்தாளி? வர்க்கப்படுத்தியதற்கு முந்தைய வரியில் போட்டுப் பார்த்தால் தெரியும். √3 sin (5π/3) = −3/2. 1 + cos (5π/3) = 3/2. ஒன்று மற்றதன் எதிர்க்குறி. வர்க்கம் எடுத்தால் குறி போய்விடும், இரண்டும் 9/4 ஆகிவிடும். அதாவது −√3 sin x = 1 + cos x என்ற வேறொரு சமன்பாட்டின் தீர்வும் கூடவே உள்ளே வந்துவிட்டது. ஆகவே வர்க்கப்படுத்தினால் ஒவ்வொரு விடையையும் மூலச் சமன்பாட்டில் போட்டே ஆக வேண்டும். பொதுத் தீர்விலும் இதைக் கவனிக்க வேண்டும். cos x = 1/2 என்பதற்கு x = 2nπ ± π/3 என்று எழுதிவிட்டு அப்படியே விடக்கூடாது. கழித்தல் குறி உள்ள பாதி முழுவதும் போலி. x = 2nπ + π/3 மட்டும்தான் நிற்கும். இடைவெளி விடையில் 5π/3-ஐ அடித்துவிட்டு, பொதுத் தீர்வில் ±-ஐ அப்படியே விட்ட தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கீழே ஒன்று சொல்லி மேலே வேறொன்று சொல்கிறது தாள்.

இரண்டாவது வழியில் அதே 3(1 − cos x)(1 + cos x) = (1 + cos x)² என்ற வரியில், இருபுறமும் இருந்த 1 + cos x-ஐ அடித்துவிட்டான். 3 − 3 cos x = 1 + cos x, ஆகவே cos x = 1/2. சோதித்து 5π/3-ஐ நீக்கினான். கையில் π/3 மட்டும். π காணவில்லை. 1 + cos x = 0 ஆகும் இடம்தான் π, அதைத்தான் அவன் பேனாவால் அடித்தது. மாறி உள்ள ஒரு கோவையால் வகுத்தால், அந்தக் கோவை பூச்சியமாகும் தீர்வுகள் எல்லாம் அதோடு போய்விடும். முதல் கணக்கில் இருபுறமும் sin x-ஆல் வகுத்திருந்தால் 0-வும் π-யும் இப்படித்தான் போயிருக்கும். பொதுக்காரணியை அடிக்காதீர்கள், ஒருபக்கம் கொண்டுவந்து வெளியே எடுங்கள்.

மூன்றாவது வழிதான் கேள்விக்குறி போட்டது. t = tan (x/2) என்று பிரதியிட்டிருந்தான். sin x = 2t/(1 + t²), cos x = (1 − t²)/(1 + t²). பகுதியைப் பெருக்கி நீக்கினால் 2√3 t − 1 + t² = 1 + t². t² இருபுறமும் ரத்தாகி 2√3 t = 2, t = 1/√3. x/2 = nπ + π/6, ஆகவே x = 2nπ + π/3. இடைவெளிக்குள் π/3 மட்டும். அவன் வர்க்கப்படுத்தவில்லை, எதையும் அடிக்கவில்லை, ஒவ்வொரு வரியும் சரி. ஆனாலும் π இல்லை.

π தொலைந்தது முதல் வரியிலேயே. x = π என்றால் x/2 = π/2, tan (π/2) வரையறுக்கப்படவில்லை. t = tan (x/2) என்று எழுதிய உடனேயே x = (2n+1)π என்ற எல்லாக் கோணங்களும் ஆட்டத்திலிருந்து வெளியே போய்விட்டன. இதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது, அதைப் பழகிக்கொண்டால் தப்பிக்கலாம். a sin x + b cos x = c என்ற வடிவத்தில் இந்தப் பிரதியீடு சாதாரணமாக t-இல் ஓர் இருபடிச் சமன்பாட்டைத் தரும். அது ஒருபடியாகச் சுருங்கிவிட்டால், அதாவது t² ரத்தாகிவிட்டால், காணாமல் போன அந்த மூலம் x = π-யில்தான் ஒளிந்திருக்கிறது. மூலச் சமன்பாட்டில் x = π-ஐப் போட்டுப் பாருங்கள். 0 − (−1) = 1. இருக்கிறது.

இந்த வடிவத்துக்கு நான் சொல்லித்தருவது நான்காவது வழி. √3-க்கும் 1-க்கும் வர்க்கங்களின் கூடுதல் 4, அதன் வர்க்கமூலம் 2. இருபுறமும் 2-ஆல் வகுத்தால் (√3/2) sin x − (1/2) cos x = 1/2. இடப்பக்கம் sin (x − π/6). ஆகவே sin (x − π/6) = 1/2, x − π/6 = nπ + (−1)ⁿ π/6. இதில் வர்க்கம் இல்லை, வகுத்ததும் வெறும் எண்ணால்தான், பிரதியீடும் இல்லை. ஒவ்வொரு படியும் முன்னும் பின்னும் போகக்கூடியது. ஆகவே எதுவும் கூடாது, எதுவும் குறையாது. n இரட்டைப்படையானால் 2kπ + π/3, ஒற்றைப்படையானால் (2k+1)π, k முழு எண். இடைவெளிக்குள் π/3, π.

அறிகுறி: இடைவெளி விடை ஒட்டுகிறது, பொதுத் தீர்வு மட்டும் வேறு மாதிரி

நான்காவது கணக்கைச் சரியாகப் போட்ட பிறகும் அவனுக்கு நிம்மதி இல்லை. "சார், நான் x = nπ + (−1)ⁿ π/6 + π/6 என்று எழுதினேன். பின்னால் 2nπ + π/3, (2n+1)π என்று இருக்கிறது. எது சரி?"

இரண்டும் ஒன்றுதான். cos வழியாக வந்தால் மூன்றாவது ஒரு உருவமும் கிடைக்கும். குறியை மாற்றி cos x − √3 sin x = −1 என்று எழுதினால் cos (x + π/3) = −1/2. x + π/3 = 2nπ ± 2π/3, அதாவது x = 2nπ + π/3 அல்லது 2nπ − π. பார்வைக்கு மூன்றும் வேறு, கோணங்கள் அதே கோணங்கள்.

அதைக் காட்ட n-க்கு −1, 0, 1, 2 என்று போட்டுக் கிடைப்பவற்றை ஓரலகு வட்டத்தில் குறித்துப் பாருங்கள். ஒரே புள்ளிகளில் விழுந்தால் இந்தக் கணக்குக்குப் போதும், ஏனென்றால் மூன்றிலும் ஒவ்வொரு புள்ளியும் 2π-க்கு ஒரு முறை திரும்ப வருகிறது. இந்த மூன்றும் வட்டத்தில் π/3, π என்ற இரண்டே புள்ளிகளில்தான் விழும். ஒருவர் n = 3-இல் பெறுவதை மற்றவர் n = 1-இல் பெறலாம். வரிசை எண்கள் ஒட்டவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

இதே குழப்பம் குறை எண்களில் அடிக்கடி வரும். sin x = −1/2-க்கு ஒருவர் α = −π/6 எடுப்பார், இன்னொருவர் α = 7π/6 எடுப்பார். nπ + (−1)ⁿ α-வில் போட்டால் இரண்டும் ஒரே தொகுப்பைத்தான் தரும். ஆனால் தேர்வில் முதன்மை மதிப்பு என்று கேட்டால் −π/6 மட்டும்தான் விடை, ஏனென்றால் sin-க்கு அது −π/2 முதல் π/2 வரை உள்ளே இருக்க வேண்டும். மத்தியப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்பு நூலின் முந்தைய பதிப்புகளில் முதன்மைத் தீர்வு என்றால் 0 ≤ x < 2π-க்குள் வரும் எல்லாத் தீர்வுகளும் என்று பொருள். சொல் கிட்டத்தட்ட ஒன்று, பொருள் வேறு. தாள் எந்தப் பாடத்திட்டத்தைச் சேர்ந்தது என்று கேட்டுக்கொண்டு விடை சொல்வது நல்லது.

அறிகுறி: போட்டுப் பார்த்தால் கணக்கே உடைகிறது

ஐந்தாவது கணக்கு tan x + sec x = √3. cos x-ஆல் பெருக்கினால் sin x + 1 = √3 cos x. √3 cos x − sin x = 1, ஆகவே cos (x + π/6) = 1/2. x = 2nπ + π/6 அல்லது x = 2nπ − π/2. இடைவெளிக்குள் π/6, 3π/2. பின்பக்கத்தில் π/6 மட்டும்.

3π/2-ஐ மூலச் சமன்பாட்டில் போட்டால் தவறான எண் வராது, எண்ணே வராது. cos (3π/2) = 0, tan-உம் sec-உம் அங்கே இல்லவே இல்லை. 5π/3-ஐப் போல இது வர்க்கத்தால் வந்த போலி இல்லை. cos x-ஆல் பெருக்கியபோது, cos x பூச்சியமாகும் கோணங்களுக்கும் கதவு திறந்துவிட்டோம். tan, sec, cot, cosec எது வந்தாலும் கணக்கைத் தொடங்கும் முன் ஓரத்தில் cos x ≠ 0 அல்லது sin x ≠ 0 என்று எழுதிவைத்துவிட்டால் கடைசியில் கை தானாக அங்கே போகும்.

அறிகுறி: ஒரு விடையும் ஒட்டவில்லை, குறிகூட ஒட்டவில்லை

ஆறாவது கணக்கு. மாணவன் படித்தது 2 cos 3x = 1. 0 முதல் 360° வரை ஆறு விடை எழுதியிருந்தான்: 20°, 100°, 140°, 220°, 260°, 340°. கைவிதிப்படி எண்ணிக்கை ஆறு, சரி. பின்பக்கத்திலும் ஆறு விடைகள், ஆனால் அவற்றில் பாதி குறை எண்கள். ஒன்றுகூட ஒட்டவில்லை.

எண்ணிக்கை ஒட்டி மதிப்புகள் எல்லாமே வேறாக இருந்தால் கேள்வியில் ஒரு குறி போயிருக்கிறது, அல்லது இடைவெளி வேறு, அல்லது இரண்டும். பின்பக்க விடைகளில் ஒன்றான 40°-ஐ எடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 3 × 40 = 120, cos 120° = −1/2. ஆகவே வலப்பக்கம் −1. கழித்தல் குறி மடிப்பில் போயிருக்கிறது. பின்பக்க விடையிலிருந்து கேள்வியை மீட்பதைத் திருட்டு என்று சிலர் சொல்வார்கள். மங்கிய படத்துக்கு இதைவிட நல்ல கண்ணாடி எனக்குத் தெரியாது. விடை அச்சுப்பிழை இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் ஒரு விடையோடு நிற்காமல் இரண்டு மூன்றைப் போட்டுப் பாருங்கள்.

குறை எண்கள் இருப்பதால் இடைவெளி பூச்சியத்தில் தொடங்கவில்லை என்பதும் தெரிகிறது. நல்ல வெளிச்சத்தில், தாளைத் தட்டையாக வைத்து, நான்கு ஓரமும் தெரியும்படி மீண்டும் எடுக்கச் சொன்னேன். முதல் படத்தில் கீழ் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. ஒவ்வொரு கணக்கின் பக்கத்திலும் இடைவெளி இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். தாள் தயாரிப்பவர்களோ தலைப்பில் ஒரே முறை எழுதிவிட்டு, ஒரு கணக்குக்கு மட்டும் மாறினால் அதன் அடியில் சின்னதாகப் போட்டுவிடுவார்கள்.

புதுப் படத்தில் கழித்தல் குறி தெரிந்தது. ஆறாவது கணக்கின் அடியில் −180° ≤ x ≤ 180° என்றும் இருந்தது.

இப்போது cos 3x = −1/2. 3x = 360°n ± 120°, மூன்றால் எல்லாவற்றையும் வகுத்தால் x = 120°n ± 40°. இடைவெளிக்குள் எந்த n வரும் என்று ஊகிக்க வேண்டாம், சமனின்மையாகவே போட்டுவிடலாம். கூட்டல் குறிக்கு −180 ≤ 120n + 40 ≤ 180. 40-ஐக் கழித்து 120-ஆல் வகுத்தால் n என்பது சுமார் −1.83-க்கும் 1.17-க்கும் இடையே. முழு எண்கள் −1, 0, 1. அவை தருவது −80°, 40°, 160°. கழித்தல் குறிக்கு n என்பது சுமார் −1.17-க்கும் 1.83-க்கும் இடையே, மறுபடி −1, 0, 1. அவை தருவது −160°, −40°, 80°. மொத்தம் ஆறு.

அவன் n = 0, 1, 2 என்று மட்டும் போடும் பழக்கத்தில் இருந்தான். முதலில் 40°, 160°, −40°, 80° என்று நான்கோடு நிறுத்தி, 200°, 280° என்று இடைவெளிக்கு வெளியே இரண்டை எழுதி அடித்திருந்தான். n குறை எண்ணாகவும் இருக்கலாம் என்று சொன்னதும் பத்து நிமிடத்தில் மற்ற இரண்டும் வந்தன. 40°-ஐயும் −160°-ஐயும் மூலச் சமன்பாட்டில் போட்டுக் காட்டி, கீழே டிக் போட்ட படமும் வந்தது. அதிலும் நிழல் விழுந்திருந்தது, ஆனால் ஆறு விடையும் படிக்க முடிந்தது.